பணிமூப்புப் பட்டியல்: சேர்ந்த தேதி, வயது என்கிறார் எழுத்தர். தரவரிசை எங்கே போனது?

வணக்கம். தமிழக அரசுத் துறை ஒன்றில், ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு மூலம் நேரடி நியமனம். போன மாதம் தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் வந்தது. என்னைவிடத் தரவரிசையில் பின்னால் இருந்த இருவர் எனக்கு மேலே இருக்கிறார்கள். மூவரும் ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சிப் பட்டியல். ஒருவர் எனக்கு நான்கு நாள் முன்னதாகச் சேர்ந்தவர். இன்னொருவர் நான் சேர்ந்த அன்றே சேர்ந்தவர், ஆனால் வயதில் மூத்தவர்.

எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்தேன். பிரிவு எழுத்தரிடமிருந்து வந்த கடிதம் இதுதான்: "முதலில் பணியில் சேர்ந்த தேதி, அது ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி." எந்த விதி என்று ஒரு வரி இல்லை. கண்காணிப்பாளரோ, இங்கே எப்போதும் இப்படித்தான் என்கிறார்.

நான் படித்தவரை, ஒரே தேர்வில் வந்தவர்களுக்குத் தேர்வாணையத் தரவரிசைதான் பணிமூப்பு. சேர்ந்த தேதி தகுதிகாண் பருவத் தொடக்கம் போன்றவற்றுக்குத்தான். நேரடி நியமனம், பதவி உயர்வு என வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒரே நாளில் நியமிக்கப்பட்டால்தான் வயது பார்ப்பார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இனச்சுழற்சி வரிசையை ஒதுக்கிவிட்டு, தேர்வில் பெற்ற தரவரிசைப்படியே பணிமூப்பு என்றது.

தேர்வாணையத்தின் தரவரிசைப் பக்கத்தையும் ஒதுக்கீட்டு ஆணையையும் எடுத்து வைத்திருக்கிறேன். சங்கத்தில் கேட்டதற்கு, இறுதிப் பட்டியல் வரட்டும் என்கிறார்கள். அதற்குள் உதவியாளர் பதவி உயர்வுக்குப் பெயர்கள் போய்விடும்.

இப்படித் தற்காலிகப் பட்டியலிலேயே திருத்தம் வாங்கியவர்கள், மேல்முறையீட்டை யாருக்கு அனுப்பினீர்கள், எந்த ஆணையை இணைத்தீர்கள்?