பாராட்டுக்கான பதில் வசனம்: யோசனை வேண்டும்

ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் டப்பிங் எழுதும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. அலுவலகக் காட்சி. "பிரமாதமா பேசினீங்க" என்கிறார் மேலாளர். இளம் ஊழியை சொல்வதை அப்படியே எழுதினால், "நன்றி சார், இதுக்காக ரொம்ப உழைச்சேன்." ஆங்கிலத்தில் இது இயல்பான பதில். தமிழில், அதுவும் மேலதிகாரியிடம், தற்பெருமையாகக் கேட்கிறது.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார்" என்று மாற்றினால் பணிவு வந்துவிடும். ஆனால் மேலாளரின் அடுத்த வசனம், "அது நல்லாவே தெரியுது." உழைப்பு என்ற பேச்சே இல்லாவிட்டால் அது அந்தரத்தில் நிற்கும்; அவர் குத்திக்காட்டுவது போலவும் ஆகிவிடும். "எல்லாம் உங்க ஆதரவுதான் சார்" என்றால் இன்னும் மோசம், சுயமாக நிற்கும் பெண் காக்கா பிடிப்பவளாகிவிடுவாள்.

இப்போதைக்கு, "தேங்க்ஸ் சார், கொஞ்சம் மெனக்கெட்டேன்." அந்தக் 'கொஞ்சம்' பெருமையைக் குறைக்கிறது, அடுத்த வசனமும் பொருந்துகிறது. முகம் குளோசப்பில் இருப்பதால், உதட்டசைவோடு பொருந்த இதைவிட நீட்ட முடியாது. இதே நீளத்தில் இன்னும் இயல்பாக என்ன எழுதலாம்?