பாயிண்ட்ஸ் கிளாசிஃபிகேஷன்: ‘புள்ளி வகைப்பாடு’ சரிதானா?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சைச் சட்டை யாருக்கு என்று தீர்மானிக்கிற பாயிண்ட்ஸ் கிளாசிஃபிகேஷனுக்குப் ‘புள்ளி வகைப்பாடு’ என்று போட்டேன், திரும்பப் படித்தால் தாவரவியல் பாடம் மாதிரி இருக்கிறது. இன்டர்மீடியட் ஸ்பிரிண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘இடைநிலை விரைவோட்டம்’ என்றால் எனக்கு இடைநிலைப் பள்ளிதான் ஞாபகம் வருகிறது.

முருகேசன்:
இதற்கு எதற்கம்மா இவ்வளவு யோசனை? ‘புள்ளிப் பட்டியல்’ என்று ஐபிஎல் நடக்கும்போது பத்திரிகையில் தினமும் வருகிறதே. அங்கே புள்ளி சமமானால் ரன்ரேட் பார்ப்பார்கள், இங்கே நேரம் பார்ப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தேவா:
ஐயா, பட்டியல் என்பது வெறும் காகிதம், இது தனியாக ஒரு போட்டி. பந்தயத்துக்குள்ளே இன்னொரு பந்தயம். அதனால் ‘புள்ளிப் பந்தயம்’ என்பேன். கணக்கும் சுலபம்தான். தினமும் முதலில் வருபவருக்கு 10, அடுத்தவருக்கு 6, மூன்றாமவருக்கு 4 கிடைக்கும். அதிக நாள் ஜெயித்தவர் பச்சைச் சட்டையைக் கொண்டுபோவார்.

யோகன்:
நான் இருப்பது பிரான்சில், யூலை வந்தால் றோட்டோரம் நிற்கிற ஆள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவா, பந்தயத்துக்குள்ளே பந்தயம் என்றது சரி. ஆனால் 10, 6, 4 என்பது புள்ளியில்லை, நொடி. அன்றைக்கு முதல் மூன்று இடம் வந்தவர்களின் மொத்த நேரத்திலிருந்து அதைக் கழிப்பார்கள். அது மஞ்சள் சட்டைக் கணக்கு, மொத்த நேரம் ஆகக் குறைந்தவருக்கு அந்தச் சட்டை. பச்சைக்கு வேறு கணக்கு, அங்கே நேரம் செல்லாது, எத்தனையாவதாகக் கோட்டைத் தாண்டினாய் என்பதுதான் கேள்வி. இரண்டாவதாக வந்தவர் அரைச் சக்கரம் பிந்தினாலும் ஐந்து நிமிடம் பிந்தினாலும் ஒரே புள்ளி.

‘அதிக நாள் ஜெயித்தவருக்கு’ என்பதும் பிழை. 2015இல் ஆந்த்ரே கிரைப்பல் நாலு நாள் ஜெயித்தார். பீட்டர் சகான் ஒரு நாள்கூட ஜெயிக்கவில்லை, ஐந்து தரம் இரண்டாவதாக வந்தார். பச்சைச் சட்டை சகானுக்கு, 432க்கு 366.

அது எப்படி என்றால், அந்த வருட விதிப்படி சமதரை நாளில் கடைசிக் கோட்டில் முதலாமவருக்கு 50, அடுத்தவருக்கு 30, மூன்றாமவருக்கு 20, அப்படியே இறங்கி பதினைந்தாமவருக்கு 2. மேடுபள்ளமான நாளில் 30, 25, 22 என்று இறங்கும். பெரிய மலை நாளில் முதலாமவருக்கே 20தான். ஆக வேகக்காரருக்கு வசதியான நாளில்தான் புள்ளி கொட்டிக் கிடக்கிறது. இதற்கு மேலே, வழியில் ஏதாவது ஓர் ஊரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், கயல்விழி கேட்ட இன்டர்மீடியட் ஸ்பிரிண்ட் அதுதான். அதை முதலில் தாண்டினால் 20, பிறகு 17, 15, 13, 11 என்று பதினைந்து பேர் வரைக்கும். மலை நாளிலும் அந்தக் கோட்டுக்கு அதே 20 உண்டு, பெரும்பாலும் பெரிய ஏற்றத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். சகானின் தந்திரம் அங்கேதான்.

தேவா:
அடடா, நொடியையும் புள்ளியையும் குழப்பிவிட்டேன். ஆனாலும் ‘புள்ளிப் பந்தயம்’ நல்ல சொல்தானே?

யோகன்:
நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். மைதானத்துக்குள் வட்டத் தடத்தில் ஓடுகிற பொயின்ட்ஸ் ரேஸ் என்று தனியாக ஒரு போட்டி உண்டு, அங்கே பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் புள்ளி கொடுப்பார்கள். அதைத் தமிழில் எழுதும்போது புள்ளிப் பந்தயம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வீர்கள்?

கயல்விழி:
யோகன் அண்ணா, கணக்கு புரிந்ததா என்று போட்டுப் பார்க்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். அ என்பவர் சுத்த வேகக்காரர், ஆ என்பவர் கொஞ்சம் மேடும் ஏறுவார். முதல் நாள் சமதரை. நாலு பேர் முன்னால் தப்பிப் போய்விட்டார்கள், வழிக்கோட்டில் முதல் நாலு இடம் அவர்களுக்கு. பின்னால் வரும் கூட்டத்தில் ஆ முந்தி ஐந்தாவதாகத் தாண்டி 11 எடுக்கிறார், அ அங்கே முயலவே இல்லை. கடைசிக் கோட்டில் அ முதலிடம், 50. ஆ இரண்டாமிடம், 30. ஆக 50க்கு 41. மறுநாள் மலை. ஆ காலையிலேயே தப்பிப் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு வழிக்கோட்டை முதலில் தாண்டி 20 எடுக்கிறார், அப்புறம் ஏற்றத்தில் பின்தங்கினாலும் கவலையில்லை. அ அன்றைக்குக் கடைசிக் கூட்டத்தில் நேரக்கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று மிதிக்கிறார். மொத்தம் 61க்கு 50. ஒரு நாளும் ஜெயிக்காத ஆ முன்னால்!

யோகன்:
அச்சொட்டாக அதுதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரக்கெடு தவறி, நடுவர்கள் இரங்கித் திரும்பச் சேர்த்துக்கொண்டாலும் புள்ளியில் வெட்டு விழும். 2011இல் மார்க் கேவண்டிஷ் ஆல்ப்ஸ் மலையில் அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படி 20, 20 இழந்தார். அதற்குப் பிறகும் பச்சை அவருக்குத்தான், அது வேறு கதை. பாரிஸ் வரைக்கும் ஓடி முடிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. 2017இல் மார்செல் கிட்டல் ஐந்து நாள் ஜெயித்து, பச்சைச் சட்டையோடேயே விழுந்து விலகினார். சட்டை மைக்கேல் மாத்யூஸுக்குப் போனது.

முருகேசன்:
புள்ளி சமமானால் நேரம் பார்ப்பார்கள் என்றேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

யோகன்:
ஐயா, நேரம் கடைசியில்தான் வரும். முதலில் யார் அதிக நாள் ஜெயித்தவர் என்று பார்ப்பார்கள், பிறகு வழியில் போட்ட கோடுகளில் யார் அதிகம் முதலில் வந்தவர் என்று. அதுவும் சமமென்றால்தான் மொத்த நேர வரிசை.

கயல்விழி:
இப்போது நீங்கள் எழுதும்போதே ‘நேர வரிசை’ என்று வந்துவிட்டது பாருங்கள். அப்படியானால் நேரவரிசை, புள்ளிவரிசை, மலையேறுகிறவர்களுக்கான போட்டிக்கு மலைவரிசை என்று ஒரே அச்சில் வைக்கலாமே?

தேவா:
மலைவரிசை என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையா என்று கேட்பார்கள். ‘மலையேற்ற வரிசை’ ஆக்குங்கள். புள்ளிவரிசைக்கு என் ஓட்டு உண்டு.

யோகன்:
எனக்கும் சம்மதம். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 1953இல் தொடங்கினபோது முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 2 என்று வந்த இடத்தையே புள்ளியாகக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகைக்காரருக்குத்தான் சட்டை கொடுத்தார்கள். 1959இல்தான் கணக்கு தலைகீழானது. அடி எப்போதும் வரிசைதான்.

முருகேசன்:
எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் முதலிடத்துக்கு 5, அடுத்து 3, 1 என்று கூட்டித்தான் தனிநபர் சாம்பியன் கொடுப்பார்கள். நான் ஒரு வருடம் எதிலும் முதலிடம் வராமலேயே அதை வாங்கினேன். அதை யாரும் வரிசை என்று சொல்லவில்லை, ‘மொத்தப் புள்ளி’ என்றோம். சரி, சகான் கட்சிக்காரன் நான் என்று தெரிகிறது.

கயல்விழி:
ஐயா, ‘மொத்தப் புள்ளி’ தொகைக்குப் பொருந்தும், 432 என்று எழுதும் இடத்தில் அதையே வைக்கிறேன். இன்டர்மீடியட் ஸ்பிரிண்ட் இன்னும் நிற்கிறது. ‘இடைப்பாய்ச்சல்’?

யோகன்:
தப்பிப் போன நாலு பேரில் சில நாள் ஒருத்தரும் பாய்வதில்லை, கதைத்துக்கொண்டே தாண்டுவார்கள். பாய்ச்சலில்லாத நாளிலும் கோடு இருக்கும், புள்ளியும் இருக்கும். அதனால் ‘இடைக்கோடு’, கடைசியில் ‘முடிவுக்கோடு’.

தேவா:
ஆனால் பின்னால் வரும் கூட்டம் மிச்சப் புள்ளிக்குப் பாயத்தானே செய்கிறது? வர்ணனையில் ‘இடைக்கோட்டில் பாய்கிறார்’ என்று சொல்ல முடியும், ஒத்துக்கொள்கிறேன். ‘இன்றைக்கு இரண்டு இடைக்கோடு ஜெயித்தார்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் ஒட்டவில்லை.

யோகன்:
ஒரு நாளைக்கு இரண்டு எங்கே? 2011இலிருந்து ஒன்றுதான் வைத்தார்கள்.

தேவா:
சரி, ஒன்று ஜெயித்தார். அப்போதும் ஒட்டவில்லை.

கயல்விழி:
கட்டுரையில் புள்ளிவரிசை என்று மாற்றிவிட்டேன். இடைக்கோடு, இடைப்பாய்ச்சல் இரண்டையும் ஆளுக்கொரு பத்தியில் வைத்திருக்கிறேன், படிக்கிறவர்களில் யாராவது கத்தினால் பார்த்துக்கொள்ளலாம்.