ஏசியா, கண்ணாடியை இறக்குவதா: என் மைலேஜ் கணக்கு குழப்புகிறது

தாம்பரம்_பெட்ரோல்
என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஆபீஸ் போகிறேன். ஏசி இல்லாமல் 15 கிடைத்தது, இப்போது ஏசியோடு 11.5தான் வருகிறது. போன வாரம் திருச்சி போனபோது ஏசி போட்டு 18.4 கிடைத்தது. திரும்பும்போது மிச்சம் பிடிக்கலாம் என்று ராத்திரி ஏசியை அணைத்து நாலு கண்ணாடியையும் இறக்கி வந்தேன், 16தான் வந்தது. இரண்டு முறையும் ஃபுல் டேங்க் போட்டுத்தான் கணக்கு எடுத்தேன். கண்ணாடியைத் திறப்பது இவ்வளவு நஷ்டமா?

நெடுஞ்சாலை_மணி
ஆமாம் தம்பி. 80க்குக் கீழே கண்ணாடி, 80க்கு மேலே ஏசி. அதுதான் விதி. காற்று உள்ளே புகுந்து பின்பக்கம் இழுக்கும், வண்டி பாராசூட் கட்டின மாதிரி ஆகிவிடும்.

ஏற்காடு_வாசி
எனக்கும் இதே தொல்லைதான். ஏற்காடு மலை ஏறும்போது ஏசி போட்டால் பிக்கப்பே இல்லை, இரண்டாவது கியரிலும் திணறுகிறது. பிளக் மாற்றினேன், சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பழைய_மெக்கானிக்
மணி சார், காற்று இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் 80 என்று ஒரே கோடு எல்லா வண்டிக்கும் கிடையாது.

தம்பி, முதலில் சிட்டியைப் பாருங்கள். ஏசி கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் குடிப்பதில்லை, மணிக்கணக்கில் குடிக்கிறது. உங்கள் வண்டிக்கு மணிக்கு 0.4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்தில் 20 கிமீதான் நகர்கிறீர்கள். ஏசி இல்லாமல் அதற்கு 1.33 லிட்டர் போகும், ஏசியோடு 1.73. அதாவது 15லிருந்து 11.5. நீங்கள் சொன்ன கணக்கே வந்துவிட்டது. அதே 0.4 லிட்டர், 90ல் போகும்போது 90 கிமீட்டருக்குப் பிரிகிறது. 20 கொடுக்கும் வண்டி 18.4 கொடுக்கும். உங்கள் ஏசி ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கண்ணாடி இதற்கு நேர்மாறு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி, வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காக ஏறும். இறக்கிய கண்ணாடி காற்றுத் தடையைப் பத்து சதவீதம் கூட்டுகிறது என்று எடுத்தால், 40ல் அது ஒரு பல்ப் எரிக்கிற அளவு. 90ல் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 110 பக்கம் ஏசிக்குச் சமமாக, மணிக்கு 0.4 லிட்டர். இந்தப் பத்து சதவீதம் வண்டியின் வடிவத்துக்குத் தக்கபடி மாறும். எனவே சமமாகும் வேகமும் மாறும்.

திருச்சியிலிருந்து திரும்பும்போது என்ன வேகம்?

தாம்பரம்_பெட்ரோல்
போகும்போது 90ஐத் தாண்டவில்லை. வரும்போது ரோடு காலியாக இருந்தது, 105, 110.

பழைய_மெக்கானிக்
அங்கேதான் பெட்ரோல் போயிருக்கிறது. 90லிருந்து 105க்குப் போனாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். கண்ணாடியை ஏற்றி, ஏசி இல்லாமல் வந்திருந்தாலும் 17ஐத் தாண்டியிருக்காது. கண்ணாடியின் பங்கு கடைசி ஒரு கிலோமீட்டர்தான். வேகத்தின் குற்றத்தைக் கண்ணாடி மேல் போட்டுவிட்டீர்கள்.

நெடுஞ்சாலை_மணி
அப்போ நான் ஏசி டெம்பரேச்சரைக் கூட்டி வைத்து மிச்சம் பிடிப்பதும் வீணா?

பழைய_மெக்கானிக்
ஆட்டோ ஏசியில் பலன் இருக்கலாம். சாதாரணக் குமிழ் வைத்த பல வண்டிகளில், சூடு பக்கம் திருப்பினால் குளிர்ந்த காற்றோடு ஹீட்டர் காற்றைத்தான் கலக்கும். கம்ப்ரஸர் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட ரீசர்குலேஷன் பட்டனைப் போடுங்கள், வெளியே 38 டிகிரி காற்றைத் திரும்பத் திரும்பக் குளிர வைக்க வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டி, சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

ஏற்காடு சார், மலையில் ஏசி போட்டால் சின்ன இன்ஜின் திணறுவது இயல்பு. ஏசியை அணைத்தும் திணறினால் அது வேறு கோளாறு. தனி இழை தொடங்குங்கள், கிளட்சையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கலாம்.

வேளச்சேரி_அக்கா
எனக்கு சிட்டியில் 14லிருந்து 9க்கு விழுந்தது. சிக்னலில் நின்றால் ஏசி சூடாக வரும், ஓடினால் குளிரும். கண்டென்சர் ஃபேன் சுற்றவில்லை என்று மெக்கானிக் கண்டுபிடித்தார். உங்களுக்கும் அப்படி இருந்தால் பாருங்கள்.

தாம்பரம்_பெட்ரோல்
இல்லைங்க அக்கா, நின்றாலும் குளிர்கிறது. அடுத்த திருச்சிப் பயணத்தில் போக வர 90லேயே வைத்து, ஒரு பக்கம் ஏசி, ஒரு பக்கம் கண்ணாடி என்று பார்க்கிறேன். பின்கண்ணாடி இரண்டை மட்டும் இறக்கினால் எப்படி?

பழைய_மெக்கானிக்
பின்னாடி மட்டும் இறக்கினால் பல வண்டிகளில் காதில் தும் தும் என்று அடிக்கும். பெட்ரோலுக்கு நல்லதா கெட்டதா என்று நான் அளந்ததில்லை. ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட்-ஆஃபிலேயே நிறுத்துங்கள். காற்று எதிரே அடிக்கிறதா, பின்னால் தள்ளுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இதே குழப்பம்தான்.