பத்தாயிரம் லிட்டர் சம்ப் ஆறாம் நாளில் வற்றிய கதை: ஊரில் வீடு கட்டுவோரின் அனுபவங்கள்

ஈசூன்வாசி:
தஞ்சை மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் இருப்பதற்காக நானும் தம்பியும் வீடு கட்டினோம். நகராட்சிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும் என்பதால், சம்ப் பெரிதாக இருக்கட்டும் என்றேன். ஒப்பந்ததாரர், "8-க்கு 6, ஆழம் 7 அடி, பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும்" என்றார். சிங்கப்பூரில் இருந்தபடியே தலையாட்டிவிட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நால்வரும் தம்பி வீட்டு இருவரும் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒன்பது பேர். சம்ப் நிரம்பியிருக்கிறது, இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை என்றார் அப்பா. ஆறாம் நாள் மாலை மோட்டாரின் சத்தம் திடீரென மெலிந்து, காற்றை இழுக்கும் கரகரப்பு கேட்டது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மோட்டார் தண்ணீர் இழுக்கும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் வாய் வெளியே தெரிகிறது. அதற்குக் கீழே அரையடி கலங்கல் தண்ணீர் கிடக்கிறது. மேல்தொட்டியில் இருந்தது மறுநாள் காலை வரை தாங்கியது. பிறகு 6,000 லிட்டர் லாரியை வரவழைத்தோம். சம்ப் மூடி வரை நிரம்பிய பிறகும் லாரியில் ஏறக்குறைய 1,500 லிட்டர் மிச்சம். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அதைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு விட்டோம்.

அன்றுதான் டேப் எடுத்து அளந்தேன். ஒப்பந்ததாரர் சொன்னது தோண்டிய குழியின் அளவு. சுற்றிலும் 9 அங்குலச் செங்கல் சுவர் போக, உள்ளே நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடிதான். அடித்தளமும் மேல் ஸ்லாபும் சேர்ந்து ஓரடியைத் தின்றுவிட்டதால் உள் ஆழம் 6 அடி. அதிலும் குழாய் உள்ளே நுழையும் இடம் ஸ்லாபுக்கு ஓரடி கீழே. ஃபுட் வால்வு தரையிலிருந்து அரையடி மேலே. ஆகவே நாம் எடுத்துப் புழங்கக்கூடிய தண்ணீரின் உயரம் நாலரை அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பெருக்கினால் சுமார் 3,700 லிட்டர் வருகிறது. அவரும் பொய் சொல்லவில்லை; குழியைப் பெருக்கினால் 9,500 லிட்டர் வரத்தான் செய்கிறது. இப்போது இரண்டாவது சம்ப் கட்டலாமா என்று யோசிக்கிறேன்.

பிடோக்காரர்:
தம்பி, இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. தலைக்கு 135 லிட்டர், ஒன்பது பேர், ஏழு நாள் என்று பெருக்குங்கள், 8,500 வரும். உள் அளவு 8,500 லிட்டருக்கு ஒன்றைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. என் மைத்துனர் வீட்டிலும் இப்படித்தான் செய்தோம்.

உட்லண்ட்ஸ் அக்கா:
என் அனுபவம் நேர் எதிரானது. என் மாமியார் காரைக்குடியில் தனியாக இருக்கிறார். நாளைக்குக் குடும்பம் பெருகும் என்று 12,000 லிட்டருக்கு மாமனார் கட்டிய சம்ப் அது. ஒருவர் புழங்கும் தண்ணீருக்கு அது மூன்று மாதம் வரும். குழாயில் வருவது மேலே கொஞ்சம் சேர்கிறதே தவிர, அடியில் இருப்பது மாறுவதே இல்லை. போன ஜூனில் போயிருந்தபோது வாளியில் பிடித்தால் பாசி வாடை; மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து, உள்ளே கொசுப்புழு. தொட்டியைக் கழுவ ஆள் கிடைக்காமல் நாங்களே இறங்கினோம். பெரிதாகக் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

செராங்கூன் பையன்:
எங்கள் தரைவீட்டிலும் கார் நிறுத்தும் பள்ளத்தில் சம்ப் இருக்கிறது. கனமழை பெய்தால் பம்ப் தானாக ஓடும். அதற்கு எத்தனை பேர் என்ற கணக்கு எதற்கு?

ஈசூன்வாசி:
நீங்கள் சொல்வது மழைநீரை வெளியேற்றும் குழி. நான் கேட்பது குழாய்த் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டி. இங்கே 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருவதால் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளே தெரியாமல் போய்விட்டது.

ஜூரோங் பெரியவர்:
கட்டுமானத் தளங்களில் தொட்டி வேலையை முப்பது ஆண்டு மேற்பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பிடோக் நண்பர் எடுத்த 135 லிட்டர் சரியானது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு இந்தியாவில் வைத்திருக்கும் அளவும் அதுதான். ஆனால் ஏழு நாள் என்பது எங்கிருந்து வந்தது? ஒன்பது பேர் ஆண்டில் சில வாரங்களே இருப்பார்கள். மற்ற நாள்களில் மூவர் புழங்குவது நாளுக்கு 405 லிட்டர். 8,500 லிட்டர் அவர்களுக்கு மூன்று வாரம் கிடக்கும். குளோரின் அவ்வளவு நாள் நிற்காது. உட்லண்ட்ஸ் அம்மா சொன்ன வாடை அங்கேதான் தொடங்குகிறது.

ஈசூன் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. 3,700 லிட்டரை ஒன்பது பேர் மூன்று நாளில் தீர்த்திருக்க வேண்டும்; ஆறு நாள் தாங்கியது எப்படி? இடையில் குழாயில் வந்த தண்ணீர் காப்பாற்றியிருக்கிறது. அது எவ்வளவு என்று தெரியாமல் சம்ப் அளவைத் தீர்மானிக்க முடியாது. தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் வாயிலில் 15 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் வருகிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
ஐயா, அப்பா மூன்று முறை அளந்து சொன்னார். வாளி நிரம்ப 45 விநாடி. ஒரு மணி நேரம் வருகிறது. ஒரு முறைக்கு 1,200 லிட்டர்.

ஜூரோங் பெரியவர்:
அப்படியானால் கணக்கு பொருந்துகிறது. இரண்டு நாளில் ஒன்பது பேர் செலவழிப்பது 2,430, வந்தது 1,200. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை 1,230 லிட்டர் சம்பிலிருந்து குறைந்தது. மூன்று முறை குறைந்தால் 3,700 லிட்டர் காலி. எவ்வளவு பெரிய சம்ப் கட்டினாலும் குழாயில் வருவது அதிகமாகாது.

மூவர் மட்டும் இருக்கும்போது இரண்டு நாள் செலவு 810, மிச்சம் 390. இருக்கும் சம்பை அப்படியே விட்டு, புழங்கக்கூடிய 4,000 லிட்டருக்கு அருகிலேயே இன்னொன்று கட்டி, நடுவில் வால்வு வையுங்கள். சாதாரண நாளில் அது காலியாகவும் காய்ந்தும் கிடக்கட்டும். ஊருக்குப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு திறந்தால்தான் நிரம்பும். விமானம் ஏறும் அன்று திறந்து பயனில்லை. இரண்டும் சேர்ந்து ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு நாள் வரும்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அந்த வால்வை யார் நினைவாகத் திறப்பது, ஐயா? வயதானவர்கள். ஆண்டில் ஒருமுறை ஒரு லாரி வாங்குவது மலிவாயிற்றே.

ஜூரோங் பெரியவர்:
லாரி வாங்கினாலும் அது முழுதாக இறங்க இடம் வேண்டாமா, அம்மா? ஆனாலும் இரண்டு வாரத் தேவைக்கு நிரந்தரக் கட்டடம் தேவையா என்று கேட்டால், என்னிடம் உறுதியான பதில் இல்லை.

ஈசூன்வாசி:
அம்மாவுக்கு இரண்டாவது சம்ப் வேண்டாம். முல்லைக்கொடி நிற்கும் இடம் போய்விடுமாம். அப்பா கட்டலாம் என்கிறார். இப்போதைக்கு ஒரு மூங்கில் கழியில் ஃபுட் வால்வு உயரத்திலிருந்து அரையடிக்கு ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறார். ஒரு கோட்டுக்குச் சுமார் 410 லிட்டர், அதாவது மூவருக்கும் ஒரு நாள். நேற்று காலை ஆறு கோடு இருந்ததாம்.