கலைச்சொல் தேவை: ‘இதற்குப் பின், ஆகவே இதனால்’ என்னும் வாதப் பிழை

பூங்கோதை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

கல்லூரியில் முதலாண்டு மெய்யியல் வகுப்புக்காக வாதப் பிழைகளை அட்டைகளாகச் செய்துகொண்டிருக்கிறேன். முன்பக்கம் யாரோ பேசுவது போல நாலு வரி இருக்கும். பின்பக்கம் பிழையின் பெயரும், அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வியும். பதினெட்டு அட்டை முடிந்துவிட்டது, பத்தொன்பதாவதில் நிற்கிறேன். இலத்தீனில் ‘போஸ்ட் ஹாக்’ என்று தொடங்கும் பிழை அது. அட்டையின் முன்பக்கம் இப்படி:

“மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். நாலாம் நாள் கஷாயம் குடித்தேன். ஐந்தாம் நாள் எழுந்து நடமாடினேன். கஷாயம்தான் காப்பாற்றியது.”

பின்பக்கம் ‘பின்நிகழ்வுப் போலி’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி, “பின்னால் நடந்தது பொய்யா, மிஸ்? காய்ச்சல் விட்டது நிஜம்தானே?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. பொய்யானது நிகழ்வு அல்ல, இரண்டையும் இணைத்த முடிச்சுதான். அந்த முடிச்சைச் சொல்லும் சொல் வேண்டும்.

வேலாயுதம் எழுதியது:

புதிதாக எதற்கு அம்மா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். வடமொழியிலும் காகதாலீயம் என்று இதே காக்கைதான், இதே பனைதான். ‘பனம்பழப் போலி’ என்று வையுங்கள். ஒருமுறை கேட்டால் பிள்ளைகளுக்கு மறக்காது.

ராசாத்தி எழுதியது:

வணக்கம். எனக்கு இந்த எடுத்துக்காட்டே பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் கொடுப்பது நிலவேம்புக் கஷாயம்தான். என் இரண்டு பிள்ளைகளும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் ‘போலி’ என்று எழுதினால் கஷாயமே போலி மருந்து என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். அட்டையை மாற்றுங்கள்.

அறவாழி எழுதியது:

ராசாத்தி, அட்டை கஷாயத்தைக் குறை சொல்லவில்லை. கஷாயம் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அந்த நாலு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அது தெரியுமா என்பதுதான் இங்கே கேள்வி. சாதாரணச் சளி எதுவும் குடிக்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே விட்டுவிடும். காய்ச்சலும் உடம்புவலியும் அதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். நாம் மருந்தைத் தேடுவதோ உடம்பு ஆக மோசமாக இருக்கும் நாளில். அந்த நாளில் வெந்நீர் குடித்திருந்தாலும் மறுநாள் தேவலை என்று தோன்றும். ஆனால் ‘போலி’ என்ற சொல் இன்றைக்கு எப்படிக் காதில் விழுகிறது என்று நீங்கள் சொன்னது முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலாயுதம் ஐயா, பழமொழி பொருந்துவது போலத் தோன்றினாலும் பாதிதான் பொருந்துகிறது. “அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை” என்று எப்போது சொல்கிறோம்? காரணம் இல்லை, தற்செயல் என்று மறுக்கும்போது. அதைச் சொல்பவர் பிழை செய்யாதவர். பழமொழி தற்செயலுக்குப் பெயர். நமக்கோ தற்செயலைக் காரணம் என்று எடுத்துக்கொண்டவரின் தவறுக்குப் பெயர் வேண்டும்.

ஆனாலும் அந்தப் பழமொழிக்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ‘உட்கார’ என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சம். பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் காரணப்பொருள். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் உடனிகழ்ச்சி, வெறும் நேரம். இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். எது காரணம், எது நேரம் என்று வினை சொல்லாது, நாம்தான் உலகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பேச்சிலும் அப்படித்தான். ‘கஷாயம் குடிச்சு காய்ச்சல் போச்சு’ என்கிறோம். அந்த ‘குடிச்சு’வுக்குள் ‘குடித்தபின்’, ‘குடித்ததால்’ இரண்டும் ஒளிந்திருக்கின்றன. கேட்பவர் முதலாவதை ஒப்புக்கொண்டதும் இரண்டாவதும் சேர்ந்தே உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே அட்டையின் பின்பக்கக் கேள்வி இப்படி இருக்கலாம்: “எச்சத்தை எடுத்துவிட்டு ‘பின்’ போட்டுப் பார், ‘ஆல்’ போட்டுப் பார். கையில் உள்ள சான்று எதற்குப் போதும்?” இலக்கணத்தில் உருபு மயக்கம் என்கிறோமே, அதைப் போல இதைப் ‘பின்-ஆல் மயக்கம்’ எனலாம்.

‘போலி’க்கு வருகிறேன். மணிமேகலை 29ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வருகின்றன. ஏதுப்போலி மட்டும் 14 வகை. அங்கே போலி என்றால் காரணம் போலத் தோன்றி ஆகாதது, கள்ளச்சரக்கு அல்ல. அந்தப் பொருளை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: இந்த அட்டைக்கு ‘ஏதுப்போலி’ என்று பெயர் வைக்காதீர்கள். மலையில் நெருப்பு உண்டு என்பதற்குப் புகை ஏது. ஆனால் புகை நெருப்பை உண்டாக்கவில்லை. ஏது என்பது அறிவதற்கான ஆதாரம், காரணம் என்பது விளைவிப்பது. இரண்டையும் கலந்தால் மாணவர்கள் வேறொரு குழியில் விழுவார்கள்.

தேன்மொழி எழுதியது:

அறவாழி ஐயா, அந்த எச்ச விளக்கம் எனக்குப் புதிது, அப்படியே அட்டையில் போடலாம். ஆனால் ‘பின்-ஆல்’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘பின்னால்’ என்றுதான் கேட்கும். வகுப்பில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும்போது தொலைந்தது.

‘உடனிகழ்ச்சி’யைப் பெயரில் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தே கூடிக் குறையும் இரண்டு விஷயங்களைக் காரணம், விளைவு என்று எடுப்பது வேறு பிழை. வெயில் காலத்தில் ஐஸ்கிரீம் விற்பனையும் கூடும், மின்சாரச் செலவும் கூடும். ஒன்று மற்றதை உண்டாக்குவதில்லை. அதற்குத் தனி அட்டை வேண்டும், அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம். இங்கே முன், பின் என்ற வரிசை பெயரில் தெரிய வேண்டும்.

இன்னொன்று. நான் மென்பொருள் சோதிப்பவள். ‘முன்பு நடந்தது, ஆகவே காரணம்’ என்ற சந்தேகம் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் ஓடாது. போன மாதம் ஒரு செயலியைப் புதுப்பித்ததும் என் போனில் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பினேன், இரவு வரை நின்றது. மறுபடி புதுப்பித்தேன், மறுபடி மதியத்தில் தீர்ந்தது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் ஐயம். மாற்றியும் திருப்பியும் பார்த்த பிறகு அது நல்ல சான்று. இந்த அட்டைக்கு ஜோடியாக ‘இது பிழை அல்ல’ என்று ஓர் அட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் காரணம் சொல்பவர்களை எல்லாம் பிழை என்பார்கள்.

என் பரிந்துரை: ‘அதன்பின்-அதனால் போலி’.

பூங்கோதை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ‘அதன்பின்-அதனால்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். பெயரைப் படித்தாலே பிழை எங்கே நடக்கிறது என்று தெரிகிறது. ‘போலி’யா ‘மயக்கம்’ஆ என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. ராசாத்தி சொன்ன குழப்பத்தை நேற்று வகுப்பிலும் பார்த்தேன், மூன்று பேர் ‘போலி மருந்து’ என்றே படித்தார்கள். ஆனால் மற்ற பதினெட்டு அட்டையிலும் ‘போலி’ என்றுதான் இருக்கிறது. பேட்டரி ஜோடி அட்டையையும் சேர்க்கிறேன்.

ராசாத்தி எழுதியது:

பேட்டரிக்குச் செய்தது போலக் கஷாயத்துக்குச் செய்ய முடியாதே? காய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்தா பார்ப்பது?

அறவாழி எழுதியது:

நல்ல கேள்வி. ஒரே ஆளிடம் முடியாது. அதனால்தான் பலரை எடுத்து, குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல் பார்க்கிறார்கள். பூங்கோதை, இதையும் பின்பக்கத்தில் ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறதா?

வேலாயுதம் எழுதியது:

அப்படியானால் என் காக்கையை முன்பக்கம் போடுங்கள். “காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது. காக்கைதான் தள்ளியது.” பின்பக்கம் கேள்வி: காக்கை வராத நாளில் விழுந்த பழங்கள் எத்தனை?