மல்லாட்டைக் கொல்லையில் கிடைத்த ஆற்காடு ரூபாய்

ஏரிக்கரை
திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். போன வாரம் மல்லாட்டை பிடுங்கும்போது ஒரு செடியின் வேரோடு வட்டமாக ஒன்று வந்தது. முதலில் சோடா மூடி என்றுதான் எறியப் போனேன். கையில் எடுத்ததும் கனத்தது. கருப்பும் ஊதாவும் கலந்த நிறம், ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் பச்சை. தண்ணீரில் ஊற வைத்து, விரலால் மட்டும் தேய்த்தேன். இரண்டு பக்கமும் உருது மாதிரி எழுத்து, ராஜா தலை எதுவும் இல்லை. குறுக்களவு 27 மி.மீ. அடகுக்கடைத் தராசில் 11.31 கிராம். அந்தக் கடைக்காரர் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்து 95 சதவீதம் வெள்ளி என்றார். படமும் போட்டிருக்கிறேன். இது என்ன காசு?

கொல்லிமலைத் தேன்
எங்கள் தாத்தா பெட்டியிலும் ஒரு ரூபாய் இருக்கிறது. 1947 என்று போட்டிருக்கிறது, பின்னால் புலி. வெள்ளியா என்று காந்தம் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. போலியா? என்ன விலை போகும்?

தராசுத்தட்டு
தேன், அது போலி இல்லை. 1947இல் வந்த ரூபாய் நிக்கல்தான், காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். விலையைத் தனியாகக் கேளுங்கள், இவர் காசைப் பார்ப்போம்.

ஏரிக்கரை தம்பி, அந்த 95ஐ அப்படியே நம்பாதீர்கள். காரட் மீட்டர் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். மண்ணில் கிடந்த வெள்ளிக்காசில் மேலே உள்ள செம்பு கரைந்து வெளியேறிவிடும், அதனால் தோலில் வெள்ளி கூடுதலாகத் தெரியும். அந்தப் பச்சை செம்பின் களிம்புதான். எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து தண்ணீர்க் கணக்குதான் போடுவோம். தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக முக்கித் தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. தராசு காட்டும் எண்ணால் 11.31ஐ வகுங்கள். நல்ல வெள்ளி 10.5 வரும், செம்பு கொஞ்சம் கலந்தால் 10.3 வாக்கில் நிற்கும். பித்தளை என்றால் எட்டரைக்குப் போய்விடும்.

ஏரிக்கரை
செய்தேன் அண்ணே. 1.16 காட்டியது. வகுத்தால் 9.75. வெள்ளி இல்லையா?

தராசுத்தட்டு
காசின் அடியில் குமிழி ஒட்டியிருக்கும், பாருங்கள். எழுத்துப் பள்ளங்களில் காற்று நிற்கும். காசைத் தண்ணீருக்குள்ளேயே விரலால் தடவிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஏரிக்கரை
அதேதான்! தடவியதும் 1.10க்கு இறங்கியது. 10.28 வருகிறது.

தராசுத்தட்டு
சரி, வெள்ளிதான். ஆனால் இத்தனை சதவீதம் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். 1.10 என்பது 1.11 ஆனாலே விடை 0.1 இறங்கிவிடும். பித்தளையில் வெள்ளி முலாம் போட்ட சந்தைப் போலி இல்லை என்பது மட்டும் உறுதி.

வந்தவாசி வாத்தியார்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாரசீக எண்கள். கூரையைக் கவிழ்த்தது போல இருப்பது 7. அப்படிப் படித்தால் 1172. ஹிஜ்ரி 1172 என்றால் 1758-59. டெல்லியில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் காலம். ஊர்ப்பெயர் ஆற்காடு. 1760 ஜனவரியில்தான் எங்கள் ஊர்ப் போர், ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும். திண்டிவனம் அந்தப் படைகள் போன வழி. இது போருக்குப் போன சிப்பாய் சம்பளத்தில் விழுந்தது, ஆற்காட்டில் நவாப் அடித்த காசு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!

செல்லாக்காசு
வாத்தியார் ஐயா, எண்ணைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கதைக்குள் போகுமுன் விளிம்பைப் பார்க்கலாமா? ஏரிக்கரை, காசைச் சாய்த்து விளிம்பை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ஏரிக்கரை
போட்டிருக்கிறேன். தேய்ந்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் நகத்தால் வருடினால் சின்னச் சின்னக் கோடுகள் தட்டுப்படுகின்றன.

செல்லாக்காசு
அந்தக் கோடுதான் கதையை மாற்றுகிறது. 1759இல் இங்கே காசு சுத்தியலால் அடிக்கப்பட்டது. வெள்ளித்துண்டு தடியாக, சிறிதாக இருக்கும். அச்சு அதைவிடப் பெரிது என்பதால் எழுத்தில் பாதி வெளியே போய்விடும். விளிம்பில் கோடு இருக்காது. உங்களுடையது அகலம், தட்டை, சுற்றிலும் எழுத்து முழுதாக உட்கார்ந்திருக்கிறது, விளிம்பிலும் கோடு. இது இயந்திரத்தில் அடித்தது. சென்னை நாணயச்சாலைக்கு அப்படிப்பட்ட இயந்திரம் 1807 வாக்கில்தான் வந்தது.

அப்புறம் ஏன் 1172? கும்பெனிக்கு 1742இல் ஆற்காடு ரூபாய் அடிக்கும் உரிமை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முன்பே, 1736இல், புதுச்சேரிக்கு வாங்கிவிட்டார்கள். இரண்டு பேரும் காசில் போட்டது ஆற்காடு என்ற பெயரைத்தான். சந்தையில் செல்ல வேண்டுமே! மக்களுக்குப் பழகிய எழுத்தை மாற்றினால் காசு மாற்றும் ஷராப் வட்டம் என்று கழிவு பிடிப்பான். அதனால் கும்பெனி இரண்டாம் ஆலம்கீர் பெயரையும் 1172ஐயும் அவருடைய ஆறாம் ஆண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவர் செத்து எழுபது வருடம் கழித்தும் அடித்துக்கொண்டிருந்தது. 1835இல் இங்கிலாந்து ராஜா நான்காம் வில்லியம் தலை போட்ட பொது ரூபாய் வந்தபின்தான் இது நின்றது.

எடையும் ஒத்துப்போகிறது. இந்த ரூபாய்க்கு 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். உங்களுடையதில் 0.35 குறைவு, நூற்றுக்கு மூன்று. கைமாறித் தேய்ந்த காசுக்கு அது இயல்பு.

தராசுத்தட்டு
ஒரு தோலா! எங்கள் தாத்தா ‘ரூபாய் எடை’ என்று சொல்வது இதைத்தான்.

வந்தவாசி வாத்தியார்
விளிம்பை நான் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறதே, பிரெஞ்சுக்காசாக இருக்கக்கூடாதா?

செல்லாக்காசு
புதுச்சேரி ஆற்காடு ரூபாயில் பிறை இருக்கும். அதில் ஷா ஆலம் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். இதில் ஆட்சியாண்டு இருக்கும் பக்கத்தில் ஒரு பூ தெரிகிறது. தாமரை என்றால் சென்னை. ரோஜா என்றால் கல்கத்தா, ஏனென்றால் பின்னாளில் இதே ரூபாயை அங்கேயும் அடித்து அனுப்பினார்கள். படத்தில் வெளிச்சம் நேராக விழுவதால் இதழ் பிரியவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். புளி, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

கமலம்
எங்கள் வீட்டில் நான் புளி போட்டுத் தேய்த்த காசு பளபளவென்று இருக்கிறது, எழுத்துதான் இல்லை. இந்தக் காசின் நடுவில் ஒரு நட்சத்திரம் தெரிகிறதே, அதுவா முத்திரை?

செல்லாக்காசு
இல்லை அம்மா, அது எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். காசு புழக்கத்துக்கு வந்தபின் ஷராப் சோதித்துக் குத்திய குறி. எந்த ஊர் ஷராப் என்றெல்லாம் சொல்ல முடியாது.

கொல்லிமலைத் தேன்
கலெக்டரிடம் சொல்ல வேண்டாமா? 1878 புதையல் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதே. நான் தாத்தா பெட்டிக்காரன், எனக்குப் பிரச்சினை இல்லை.

ஏரிக்கரை
விஏஓவிடம் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு காசுக்கா என்று சிரித்தார், கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பக்கவாட்டு வெளிச்சப் படம் போட்டிருக்கிறேன். ஐந்து இதழ் எண்ணினேன், இடது பக்கம் மழுங்கிவிட்டது.

செல்லாக்காசு
இதழ்நுனி கூர்மையாக இருக்கிறது. எனக்குத் தாமரையாகத்தான் படுகிறது.

வந்தவாசி வாத்தியார்
எனக்கு ரோஜா!