நான்கு மாத மெது ஓட்டம்: வேகத்தை எப்போது சேர்ப்பது?

வயது 41. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு மாதமாக வாரம் 5 நாள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுகிறேன். இதயத் துடிப்பை 140-க்கு மேல் விடுவதில்லை. அதே துடிப்பில் கிலோமீட்டருக்கு 8:30 நிமிடம் ஆனது, 7:25-க்கு இறங்கியது. ஐந்து வாரமாக அங்கேயே நிற்கிறது.

வெயில் காரணமோ என்று காலை 5 மணிக்கு மாற்றினேன். வாரத்துக்கு 35 கிலோமீட்டரை 42 ஆக்கினேன். மாற்றமில்லை. அப்புறம் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிப் பார்த்தேன்: முதல் பாதியில் சராசரித் துடிப்பு 136, இரண்டாம் பாதியில் 140. ஏற்றம் 3 சதவீதம்தான். அதனால் நீண்ட நேரம் ஓடும் திறனுக்கான அடித்தளம் உறுதியாகிவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் வேகமெடுத்தால் கெண்டைக்கால் இறுகுகிறது.

அரை மராத்தானுக்கு இன்னும் 14 வாரம். மெது ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி வேக ஓட்டம் ஆறு முறை என்று தொடங்குவதா, நேராக வாரம் ஒருநாள், சற்றுச் சிரமமான சீரான வேகத்தில் 20 நிமிட டெம்போ ஓட்டத்துக்குப் போவதா?